ஓவர்டிராஃப்ட் வரம்பை உயர்த்துவதா, தற்காலிக வரம்பா, பில் டிஸ்கவுண்டா: ஒரு பட்டறையின் கணக்கோடு ஓர் ஒப்பீடு

சிறுதொழில் நடத்துவோருக்கு வங்கிக் கடன் கோப்புகளைத் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் முடிந்து புத்தாண்டு பிறந்ததும் ஒரே கேள்வி பலரிடமிருந்து வரும். "வரம்பு நிரம்பிப் போய்விட்டது, மேலாளரிடம் உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்கலாமா, வேறு வழி ஏதும் உண்டா?" என்பதே அக்கேள்வி. இந்த ஜனவரியில் அதைக் கேட்டவர் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். பவுண்டரிகளிலிருந்து வார்ப்புகளை வாங்கி, கடைசல் செய்து, பம்பு பாடிகளாகவும் இம்பெல்லர்களாகவும் பம்பு நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார். அவருடைய எண்களைச் சற்றே முழு எண்ணாக்கி, அவர் அனுமதியோடு இங்கே பயன்படுத்துகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வீட்டையோ நிலத்தையோ மட்டும் அடமானம் வைத்து வாங்கும் ஓவர்டிராஃப்ட்டை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. சரக்கின் மீதும் வரவேண்டிய பாக்கியின் மீதும் வங்கி தரும் வரம்பையே எடுத்துக்கொள்கிறேன். பல வங்கிகளில் இதற்குக் கேஷ் கிரெடிட் என்று பெயர். கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓ.டி. என்றே சொல்கிறார்கள்.

## பட்டறையின் நிலை

ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாயாக இருந்தபோது அவருக்கு 40 லட்சம் வரம்பு கிடைத்தது. 2024-25இல் தணிக்கை செய்யப்பட்ட விற்பனை 2.60 கோடி. 2025 ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான ஒன்பது மாதங்களில் மட்டும் 2.43 கோடி, அதாவது மாதத்துக்குச் சராசரியாக 27 லட்சம். கையிலுள்ள ஆர்டர்களைப் பார்த்தால் அடுத்த ஆண்டு 3.60 கோடியை எட்டும் என்கிறார். அது மிகையான மதிப்பீடு என்று எனக்குத் தோன்றவில்லை.

வரம்பு போதாததால் தெரிந்தவர்களிடம் இரண்டு வட்டிக்கு 14 லட்சம் வாங்கியிருக்கிறார். மாதம் 28,000 ரூபாய், ஆண்டுக்கு 3,36,000 ரூபாய் வட்டியாகவே போகிறது. அதே 14 லட்சத்தை வங்கி 10.5 விழுக்காட்டில் தந்தால் ஆண்டு வட்டி 1,47,000 ரூபாய்தான். இந்த 1,89,000 ரூபாய் வித்தியாசமே அவரை என்னிடம் வரவைத்தது.

சென்ற ஆண்டும் அவர் வங்கியை அணுகியிருக்கிறார். "ஆர்டர் கூடியிருப்பதால் வரம்பை 75 லட்சமாக உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒற்றை வரியில் கடிதம் கொடுத்தார். தணிக்கை முடிந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். என் பார்வையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, பற்றாக்குறை ஆண்டு முழுதும் இருக்கிறதா, சில மாதங்களில் மட்டும் வந்து போகிறதா என்பது. இதைக் கண்டுபிடிக்க ஓ.டி. கணக்கின் இருப்பை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு மாத இறுதியிலும் ஓ.டி.யில் எடுத்திருந்த தொகையோடு வெளிக்கடனையும் கூட்டி எழுத வேண்டும். அப்படி எழுதியபோது, வேலை மந்தமான ஆகஸ்டில்கூட அவருடைய உண்மையான தேவை 48 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. டிசம்பரில் அது 54 லட்சம். கோடைக்கு முன்பு பம்புக்குத் தேவை ஏறும் என்பதால் மார்ச்சில் 62 லட்சத்தைத் தொடும் என்பது அவர் கணிப்பு. ஆகவே 8 லட்சம் நிலையான பற்றாக்குறை. அதற்கு மேல் இருப்பது பருவத்தால் வருவது.

இரண்டாவது கேள்வி, அவருடைய சரக்கும் பாக்கியும் எவ்வளவு கடனைத் தாங்கும் என்பது. இதற்கு டிராயிங் பவர் என்று பெயர். வங்கி எழுதித் தரும் வரம்பு, சரக்கையும் பாக்கியையும் பட்டியலிட்டு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலிருந்து கணக்கிடும் டிராயிங் பவர் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவரை மட்டுமே பணம் எடுக்க முடியும். இதை அடுத்துவரும் பகுதியில் முழுமையாகக் கணக்கிடுகிறேன், ஏனென்றால் எந்த வழியைத் தேர்ந்தாலும் அது இங்கேதான் வந்து முட்டும்.

மற்றவை மூன்று. கட்டணங்களும் காப்பீடும் சேர்ந்த மொத்தச் செலவு, பணம் கைக்கு வர ஆகும் காலம், எதிர்பார்த்தபடி வரவு வராவிட்டால் நேரும் விளைவு ஆகியவை அவை.

## எந்த வழிக்கும் முன்பு: டிராயிங் பவர் கணக்கு

2025 டிசம்பர் 31 நிலவரப்படி அவரிடம் வார்ப்பு, பாதி முடிந்த வேலை, முடிந்த சரக்கு எல்லாமாக 38 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு இருந்தது. பவுண்டரிகளுக்குக் கொடுக்க வேண்டியது 20 லட்சம். பணம் கொடுத்து முடித்த சரக்கை மட்டுமே வங்கி கணக்கில் கொள்ளும் என்பதால் மிஞ்சுவது 18 லட்சம். அதில் வங்கி கடன் தராமல் கழித்துக்கொள்ளும் பங்கான மார்ஜின் 25 விழுக்காடு போக 13.5 லட்சம்.

வரவேண்டிய பாக்கி மொத்தம் 81 லட்சம். அதில் 9 லட்சம், 90 நாட்களைத் தாண்டிய பழைய பில்கள். அதற்கு வங்கி ஒரு ரூபாய்கூடத் தராது. மீதி 72 லட்சத்துக்கு அவருடைய அனுமதிக் கடிதத்தில் 40 விழுக்காடு மார்ஜின் போட்டிருக்கிறார்கள், ஆகவே 43.2 லட்சம். இரண்டையும் கூட்டினால் டிராயிங் பவர் 56.7 லட்சம். மார்ஜின் வங்கிக்கு வங்கி மாறும். பாக்கிக்கும் 25 விழுக்காடே வைக்கும் வங்கிகள் உண்டு. உங்கள் அனுமதிக் கடிதத்தில் எவ்வளவு போட்டிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே பென்சிலை எடுங்கள்.

இப்போது அவர் கேட்க நினைத்த 75 லட்சத்தைப் பாருங்கள். விற்பனையை வைத்து வரம்பு கணிக்கும் முறை 1990களின் தொடக்கத்தில் நாயக் குழு பரிந்துரைத்தது. குறு, சிறு தொழில்களுக்கு 5 கோடி வரையிலான வரம்புகளுக்கு அது இன்றும் வழக்கில் இருக்கிறது. அடுத்த ஆண்டு எதிர்பார்க்கும் விற்பனையில் 25 விழுக்காட்டை நடைமுறை மூலதனத் தேவையாகக் கொண்டு, அதில் 5 விழுக்காட்டைத் தொழில்முனைவோர் போட, 20 விழுக்காட்டை வங்கி தரும். 3.60 கோடிக்கு 20 விழுக்காடு 72 லட்சம். அதாவது சூத்திரத்தின்படி 72 லட்சம் வரை கேட்க அவருக்கு இடமுண்டு. ஆனால் கிடைத்தாலும் இன்றைய நிலையில் அவரால் 56.7 லட்சத்துக்கு மேல் எடுக்க முடியாது. மீதி 15 லட்சத்துக்கும் பரிசீலனைக் கட்டணம் கட்டிவிட்டு அதைக் கடிதத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த ஆண்டு மாத விற்பனை 30 லட்சமானால், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யோடு மாதப் பில் 35.4 லட்சமாகும். இப்போதுபோலவே சராசரியாக 76 நாட்களில் பணம் வந்தால் பாக்கி ஏறத்தாழ 90 லட்சமாக இருக்கும். அதில் பழைய பில் 10 லட்சம் என்றும், பணம் கொடுத்து முடித்த சரக்கு 20 லட்சம் என்றும் வைத்தால் டிராயிங் பவர் 63 லட்சம் வரும். எனவே அவர் நியாயமாகக் கேட்கக்கூடிய, கேட்டால் பயன்படுத்தவும்கூடிய வரம்பு 60 லட்சம்.

கவனித்திருப்பீர்கள், அந்த 9 லட்சம் பழைய பாக்கியை வசூலித்தால் டிராயிங் பவரில் ஒரு ரூபாய்கூடக் குறையாது, ஆனால் 9 லட்சம் கைக்கு வரும். வரம்பை உயர்த்திக் கிடைக்கப்போகும் தொகையில் பாதிக்கும் மேல் அது. குறு, சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு பெற்ற உற்பத்தியாளருக்கு 45 நாட்களுக்குள் பணம் தராவிட்டால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். வாடிக்கையாளர் மீது புகார் கொடுக்க யாரும் விரும்புவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாக்கியை மார்ச் 31க்குள் தீர்க்காவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாது என்று வாங்கியவரின் கணக்காளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது புகார் ஆகாது. அது பல இடங்களில் வேலை செய்கிறது.

## வழி ஒன்று: வரம்பை நிலையாக உயர்த்துவது

ஆகஸ்டிலும் குறையாத 8 லட்சப் பற்றாக்குறைக்கும் வளரும் விற்பனைக்கும் இதுவே நேரான விடை. ஒருமுறை அனுமதி கிடைத்துவிட்டால் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. 14 லட்சம் வெளிக்கடனை அடைத்துவிடலாம். ஆனால் அதை மேலாளரிடம் மறைக்கக் கூடாது. கடந்த ஆண்டு இருப்புநிலைக் குறிப்பில் அந்தக் கடன் இருக்கத்தான் செய்கிறது. வரம்பு போதாமல் அதிக வட்டிக்கு வாங்க நேர்ந்ததற்கு அதுவே அத்தாட்சி.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, பரிசீலனைக் கட்டணத்தைப் பல வங்கிகள் கூடுதல் தொகைக்கு மட்டுமின்றி முழு வரம்புக்கும் வாங்குவது. 0.40 விழுக்காடு என்று கொண்டால் 60 லட்சத்துக்கு 24,000 ரூபாயும் அதன்மீது ஜி.எஸ்.டி. 4,320 ரூபாயும். சொத்து அடமானம் இருந்தால் புதிய மதிப்பீடு, வழக்கறிஞர் கருத்து, கூடுதல் தொகைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானப் பதிவை நீட்டித்தல் ஆகியவை சேரும். சொத்து போதாவிட்டால், சிறுதொழில் கடனுக்கு வங்கியிடம் பொறுப்பேற்கும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. அறக்கட்டளையின் உத்தரவாதத்தின் கீழ் கொண்டுவரலாம். அதற்கான கட்டணம் ஒருமுறை கட்டி முடிவதல்ல, ஆண்டுதோறும் வருவது. சரக்குக் காப்பீட்டையும் உயர்த்த வேண்டியிருக்கும். பயன்படுத்தாத பகுதிக்குக் கமிட்மென்ட் கட்டணம் உண்டா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

தணிக்கை முடிந்த பிறகு வரச் சொன்னார்கள் அல்லவா, அதற்கு ஒரு பதில் இருக்கிறது. விற்பனை கூடியதால் வரம்பு போதவில்லை என்று வங்கி கருதினால், தணிக்கை செய்த கணக்குக்காகக் காத்திராமல் உண்மையான விற்பனையை வைத்தே இடைக்கால மறுஆய்வு செய்து உயர்த்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2015 ஆகஸ்டிலேயே சிறுதொழில் கடன் குறித்த சுற்றறிக்கையில் வழிவகுத்தது. பின்னர் தணிக்கை செய்த கணக்கோடு அதைச் சரிபார்த்துக்கொள்வார்கள். மேலாளரிடம் "மிட் டேர்ம் ரிவ்யூ" என்ற பெயரிலேயே கேளுங்கள். இது உரிமையல்ல, வங்கி ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். ஆனால் பெயர் சொல்லிக் கேட்பவரின் கோப்பு எளிதில் ஒதுக்கப்படுவதில்லை.

விண்ணப்பம் தோற்பது பெரும்பாலும் கணக்கின் வரவுப் பக்கத்தில்தான். அவருடைய ஒன்பது மாத விற்பனை ஜி.எஸ்.டி.யோடு 2.87 கோடி, இடையில் பாக்கி 16 லட்சம் கூடியது போக 2.71 கோடி வசூலாகியிருக்க வேண்டும். ஓ.டி. கணக்கில் வரவானது 2.11 கோடி. மீதி 60 லட்சம் வேறொரு வங்கியின் நடப்புக் கணக்கில் போயிருக்கிறது. அவர் ஏமாற்றவில்லை, வரம்பு நிரம்பிய கணக்கில் பணம் போட்டால் திரும்ப எடுக்க முடியாமல் போகுமோ என்ற பயம். ஆனால் மேலாளரின் கண்ணுக்கு விற்பனை கூடியது ஜி.எஸ்.டி.க்குத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர் 3பி படிவத்தில் மட்டும் தெரிகிறது, வங்கியில் தெரியவில்லை. அந்தக் கணக்கின் பட்டியலையும் இணைத்து, இனி எல்லா வசூலும் ஓ.டி. கணக்கிலேயே வரும் என்று எழுதிக் கொடுத்து, கேட்பதற்கு முன்பு இரண்டு மாதமாவது அப்படி நடத்திக் காட்டச் சொன்னேன்.

என் அனுபவத்தில், கோப்பு சரியாக இருந்தால் மூன்று முதல் ஆறு வாரத்தில் அனுமதி வரும். இப்போது கேட்டு மார்ச்சில் வாங்குவது நெருக்கடிதான்.

## வழி இரண்டு: தற்காலிக வரம்பு

அட்ஹாக் வரம்பு என்று வங்கியில் சொல்வது இதைத்தான். இருக்கும் வரம்பில் 10 முதல் 20 விழுக்காடு வரை, இரண்டு அல்லது மூன்று மாதத்துக்குப் பெரும்பாலும் கிளை மேலாளரின் அதிகாரத்திலேயே கிடைக்கும். அவருக்கு 8 லட்சம் வரை வரலாம். வழக்கமான வட்டிக்கு மேல் 2 விழுக்காடு கூடுதல் என்று வைத்து 12.5 விழுக்காட்டில் 90 நாட்களுக்கு வட்டி 24,657 ரூபாய். இரண்டு வட்டிக்கு வாங்கியதோடு ஒப்பிட்டால் மலிவுதான்.

ஆனால் தேதி வந்ததும் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். மார்ச்சில் கொடுத்த சரக்குக்கு ஜூனில்தான் பணம் வரும் என்றால், ஏப்ரலில் முடியும் தற்காலிக வரம்பு அவரைக் காப்பாற்றாது. வரம்பையோ டிராயிங் பவரையோ மீறிய நிலை தொடர்ந்து 90 நாட்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்பே 30 நாள் தாண்டியதும் அழுத்தத்திலுள்ள கணக்கு என்ற குறிப்பு ஏறிவிடும். அந்தக் குறிப்போடு போய் வரம்பை உயர்த்தக் கேட்பது வீண். இவருக்கு நிலையான பற்றாக்குறையே 8 லட்சம் என்பதால், 8 லட்சத்தைத் தற்காலிகமாக வாங்கினால் ஆகஸ்டிலும் திருப்ப முடியாது. நிலையான உயர்வு அனுமதியாகும் வரை ஒரு பாலமாக மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

## வழி மூன்று: ட்ரெட்ஸ் தளத்தில் பில் டிஸ்கவுண்ட்

பெரிய நிறுவனங்களுக்கு விற்ற பில்லை, பணம் வரும் தேதிக்கு முன்பே வங்கிகளிடம் ஏலத்தில் விற்று ரொக்கமாக்கும் ஏற்பாடு இது. ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு ஆர்.எக்ஸ்.ஐ.எல்., எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்ற தளங்கள் நடத்துகின்றன. ஆண்டு விற்பனை 250 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் இதில் பதிவுசெய்வது கட்டாயம். இவருடைய பெரிய வாடிக்கையாளர் அத்தகையவர். மாத விற்பனையில் 35 விழுக்காடு அவருக்கே போகிறது.

பில்லை ஏற்றி, வாங்கியவர் தளத்தில் அதை ஒப்புக்கொண்ட பிறகு வங்கிகள் விலை சொல்லும். கடன் மதிப்பு பார்ப்பது வாங்கியவரின் பெயரில் என்பதால் விகிதம் குறைவாக இருக்கும். 6 லட்சம் ரூபாய் பில்லை 60 நாளுக்கு 8.5 விழுக்காட்டில் விற்றால் கழிவு 8,384 ரூபாய். அதே தொகையை ஓ.டி.யில் 10.5 விழுக்காட்டில் வைத்திருந்தால் 10,356 ரூபாய். தளக் கட்டணம் தனி. வாங்கியவர் பிறகு பணம் கட்டாவிட்டாலும் விற்றவரிடம் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்பது இதன் பெரிய நன்மை.

இப்போது மறைந்திருக்கும் செலவு. விற்ற பில் பாக்கிப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். ஆகவே டிராயிங் பவரும் குறையும். அந்த வாடிக்கையாளரின் இரண்டு மாதப் பில்கள் 22 லட்சம். அவற்றை விற்றால் டிராயிங் பவர் அதில் 60 விழுக்காடான 13.2 லட்சம் குறைந்து 43.5 லட்சமாகும். இன்று வரம்பு 40 லட்சம்தான் என்பதால் இந்தக் குறைவு அவரைத் தொடவே தொடாது. 40 லட்சமும் கிடைக்கும், 22 லட்சமும் கிடைக்கும், மொத்தம் 62 லட்சம். மார்ச் தேவையும் அதுவே. ஆனால் வரம்பை 60 லட்சமாக உயர்த்திய பிறகு அதே 22 லட்சத்தை விற்றால், 43.5 லட்சமும் 22 லட்சமும் சேர்ந்து 65.5 லட்சம்தான் வரும். 82 லட்சம் வரும் என்று எதிர்பார்த்தவர் ஏமாந்துபோவார். உயர்வின்றி 22 லட்சம் பெற்றுத் தந்த பில்கள், உயர்வுக்குப் பின் கூடுதலாகத் தருவது 8.8 லட்சம் மட்டுமே.

வாங்கியவர் ஒப்புக்கொள்ளாத பில்லை வைத்து இங்கே எதுவும் செய்ய முடியாது என்பது இன்னொரு சிக்கல். சிலர் ஒரு வாரத்தில் ஒப்புகிறார்கள். சிலரிடம் தரச் சோதனை, ஸ்டோர், கணக்குப் பிரிவு என்று கோப்பு சுற்றி, பணம் தரும் தேதியே நெருங்கிவிடுகிறது. சென்ற ஆறு மாதப் பில்களில் சரக்குச் சேர்ந்த நாளுக்கும் அவர்கள் கணக்கில் ஏற்றிய நாளுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பாக்கியின் மீது உங்கள் வங்கிக்கு அடமான உரிமை இருப்பதால், பில்லை விற்கத் தொடங்குமுன் எழுதித் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். வருகிற பணமும் ஓ.டி. கணக்கிலேயே விழ வேண்டும்.

## இயந்திரத்துக்குப் போன பணம்

கணக்கைப் புரட்டும்போது இன்னொன்றும் தெரிந்தது. சென்ற ஜூலையில் பழைய லேத் ஒன்றை வாங்க ஓ.டி.யிலிருந்து 6 லட்சம் எடுத்திருக்கிறார். ஐந்தாண்டில் திரும்பும் முதலீட்டை, 90 நாளில் சுழல வேண்டிய பணத்தில் செய்துவிட்டார். இத்தகைய ஓட்டைக்கு வரம்பை உயர்த்துவது மருந்தல்ல. அந்த இயந்திரத்தின் மீது தவணைக் கடன் கேட்டு, வரும் பணத்தை ஓ.டி.யில் திரும்பக் கட்டுவதே சரி. வாங்கி ஆறு மாதத்துக்குள் இருப்பதால் பில்லையும் கட்டிய ரசீதையும் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் நிலையான பற்றாக்குறை 8 லட்சத்திலிருந்து 2 லட்சமாகக் குறைகிறது என்பதையும் கவனியுங்கள்.

வேறு வங்கிக்கு மாறுவதைப் பற்றியும் கேட்டார். 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கும் அல்லது புதுப்பிக்கும் மிதவை வட்டிக் கடன்களுக்கு, குறு, சிறு தொழில்களிடம் வணிக வங்கிகள் முன்கூட்டி முடிக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி வந்திருக்கிறது. அதற்கு முன் அனுமதியானதற்குப் பழைய ஒப்பந்தமே பேசும். பருவம் தொடங்கும் வேளையில் பத்திரங்களை ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| | நிலையான உயர்வு | தற்காலிக வரம்பு | ட்ரெட்ஸ் |
|---|---|---|---|
| எந்தப் பற்றாக்குறைக்கு | மந்தமான மாதத்திலும் தீராதது | தேதி தெரிந்த, இரண்டு மூன்று மாதத்தது | பெரிய வாடிக்கையாளரின் பில் தேங்குவது |
| டிராயிங் பவர் | முழுதும் அதைச் சார்ந்தது | பொதுவாகச் சார்ந்தது. மார்ஜின் தளர்வு அரிது | விற்ற பில்லில் 60% அளவுக்குக் குறையும் |
| இவருக்குக் கிடைப்பது | இன்று 16.7 லட்சம் கூடுதல் | 8 லட்சம் | 22 லட்சம் வரை |
| செலவு | 10.5% வட்டி, முழு வரம்புக்கும் கட்டணம், அடமானம், காப்பீடு | 12.5% வட்டி, சிறு கட்டணம் | 8.5% கழிவு, தளக் கட்டணம் |
| ஆகும் காலம் | 3 முதல் 6 வாரம் | ஏறத்தாழ ஒரு வாரம் | பதிவுக்குச் சில வாரம். பிறகு பில் ஒப்பியதும் இரண்டொரு நாள் |
| பிசகினால் | மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தவறினால் எடுப்பது நிறுத்தப்படலாம் | தேதி தாண்டினால் பாக்கிக் குறிப்பு | வாங்கியவர் ஒப்பாவிட்டால் பணமே இல்லை |

## இவருக்கு நான் சொன்னது

ட்ரெட்ஸ் மட்டுமே இந்த மார்ச்சைத் தாங்கிவிடும் என்று கணக்கு சொல்கிறது. அப்படியிருந்தும் அதை மட்டும் நம்பச் சொல்லவில்லை, ஏனென்றால் ஒரே வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு தாமதித்தால் பட்டறையின் சம்பளம் நிற்கும். பதிவை இப்போதே தொடங்கி, ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும் பில்களை விற்று, அந்தப் பணத்தில் முதலில் இரண்டு வட்டிக் கடனைக் குறைக்கச் சொன்னேன். கூடவே 60 லட்சத்துக்கு மிட் டேர்ம் ரிவ்யூ கேட்க வேண்டும். ஆண்டு முழுதும் பில்களை விற்பதாக இருந்தால் டிராயிங் பவர் 48 லட்சத்தை ஒட்டியே நிற்கும், 50 லட்சம் கேட்டால் போதும். ஆனால் 50க்கும் 60க்கும் கட்டண வித்தியாசம் 4,720 ரூபாய்தான் என்பதால், கமிட்மென்ட் கட்டணம் இல்லாத அவருடைய வங்கியில் 60 கேட்பதில் இழப்பு அதிகமில்லை. அவருடைய தொழில் பெரும்பாலும் சில்லறை வாடிக்கையாளரை நம்பியதாக இருந்திருந்தால் ட்ரெட்ஸ் பேச்சுக்கே இடமில்லை, உயர்வு ஒன்றே வழி. ஆகஸ்டில் தேவை 35 லட்சமாக இறங்கியிருந்தால் உயர்வே வேண்டாம், தற்காலிக வரம்பு போதும் என்றிருப்பேன்.

ஒற்றை வரிக் கடிதத்துக்குப் பதில் இந்த முறை கொடுத்த கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"எங்கள் விற்பனை 2024-25இல் ரூ. 2.60 கோடி, 2025 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ரூ. 2.43 கோடி (ஜி.எஸ்.டி.ஆர் 3பி நகல்கள் இணைப்பு 1). 31.12.2025 அன்று சரக்கு ரூ. 38 லட்சம், 90 நாளுக்குட்பட்ட பாக்கி ரூ. 72 லட்சம், கொடுக்க வேண்டியது ரூ. 20 லட்சம், டிராயிங் பவர் ரூ. 56.70 லட்சம் (இணைப்பு 2). இதற்கு எதிரே எங்கள் வரம்பு ரூ. 40 லட்சம். போதாமையை ரூ. 14 லட்சம் தனியார் கடனால் ஈடுசெய்து வருகிறோம். வரம்பு உயர்ந்ததும் அது அடைக்கப்படும். சென்ற ஜூலையில் இயந்திரம் வாங்க எடுத்த ரூ. 6 லட்சத்துக்குத் தனியே தவணைக் கடன் கோரியுள்ளோம் (இணைப்பு 3). 2026-27க்கு எதிர்பார்க்கும் விற்பனை ரூ. 3.60 கோடி; ஆர்டர் நகல்கள் இணைப்பு 4. வரம்பை ரூ. 60 லட்சமாக இடைக்கால மறுஆய்வில் உயர்த்தித் தருமாறு கோருகிறோம். வேறு வங்கியிலுள்ள நடப்புக் கணக்கின் ஒன்பது மாதப் பட்டியல் இணைப்பு 5. இனி எல்லா வசூலும் தங்கள் கணக்கிலேயே வரவாகும்."

மேலாளர் படித்துவிட்டு முதலில் கேட்டது 90 நாளைத் தாண்டிய 9 லட்சம் யாருடையது என்றுதான். பெயர், பில் எண், தேதி என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்ததால் பட்டறைக்காரர் உடனே மேசையில் வைத்தார். அதில் 4 லட்சம் ஒரே நிறுவனத்தினுடையது, தரக் குறையென்று நிறுத்தி வைத்தது. அதைத் தள்ளுபடி செய்துவிட்டு மறுஆய்வுக்கு வரச் சொன்னார் மேலாளர். டிராயிங் பவரில் இல்லாத தொகை என்பதால் அதனால் வரம்பு குறையவில்லை. ஆனால் இந்த ஆண்டு லாபத்தில் 4 லட்சம் குறையும் என்பதால், எதிர்பார்ப்புக் கணக்கின் லாபப் பக்கத்தை மட்டும் மீண்டும் எழுத வேண்டியிருந்தது.